நாலு மணியா, அஞ்சு மணியா, ராத்திரி ஒரு மணியா?

பொங்கல் கழிந்து பள்ளி திறந்ததும், பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீடுகளில் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். மார்ச்சில் பொதுத்தேர்வு, கையில் இருப்பது ஆறு வாரம். ராத்திரி கண்விழித்துப் படிப்பதா, விடியற்காலையில் எழுந்து படிப்பதா? பெரியவர்கள் எல்லாரும் விடியற்காலைக் கட்சி, பிள்ளைகள் பெரும்பாலும் ராத்திரிக் கட்சி. நான் விலங்கியல் ஆசிரியன். இரண்டு கட்சிப் பிள்ளைகளும் முதல் பீரியடில் என் எதிரே உட்கார்ந்து கொட்டாவி விடுவதை இருபது வருடமாகப் பார்த்துவருகிறேன். ஆனால் இந்தக் கணக்கை உட்கார்ந்து முழுசாகப் போட்டுப் பார்த்தது என் அக்கா மகள் பிளஸ் டூ வந்தபோதுதான்.

அக்கா வீடு நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகிற வழியில், பாமணியாற்றை ஒட்டிய ஊரில் இருக்கிறது. வாசலுக்கு எதிரே சாலை, கொல்லைக்குப் பின்னால் வயல். கூடம் ஒன்று, அறை இரண்டு. அக்கா, அத்தான், அத்தானின் அம்மா, இவள், இவளுக்குக் கீழே ஒரு பையன். இவள் ராத்திரி பதினொன்றரைக்குப் படுப்பாள், காலையில் ஆறே முக்காலுக்கு அக்கா மூன்று தடவை கத்தினால் எழுந்திருப்பாள்.

எங்கள் முன்னால் இருந்த வழிகள் நாலு. இப்போதைய வழக்கத்தையே இழுத்து ராத்திரி ஒரு மணி வரை படிப்பது. நாளையிலிருந்தே நாலு மணிக்கு எழுந்துவிடுவது. எழுகிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தி அஞ்சு மணிக்குக் கொண்டுவருவது. நாலாவது வழி, ஆறு மணியோடு நின்றுகொள்வது.

இரண்டாவது வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதைத்தான் முதலில் செய்தோம், செய்யச் சொன்னதும் நான்தான்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறை. மார்கழி மாதம் வேறு. நாலரைக்கே கோயில் ஒலிபெருக்கி ஊரை எழுப்பிவிடும், எப்படியும் தூக்கம் போகப்போகிறது, அதற்கு அரை மணி முன்னாலேயே எழுந்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். முதல் நாள் நாலு மணிக்கு எழுந்தாள். முகம் கழுவி, காபி குடித்து, டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து வேதியியல் படித்தாள். வீடே பெருமைப்பட்டது. அன்று ராத்திரி எட்டரைக்கே படுக்கச் சொன்னோம். படுத்தாள். பத்தரைக்கு நான் கிளம்பும்போது, கொசுவலைக்குள்ளிருந்து “மாமா, மணி என்ன?” என்று கேட்டாள். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் அஞ்சே காலுக்கு அக்கா பால் வாங்கப் போகும்போது, கரிம வேதியியல் பக்கத்தின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அஞ்சாம் நாள் அலாரத்தை அணைத்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தோடு முடிந்தது.

“மன உறுதி இல்லை” என்று அத்தான் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் வகுப்பில் நானே நடத்துகிற பாடம் நினைவுக்கு வந்து, வெட்கமாக இருந்தது.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கிற இடத்துக்குச் சற்று மேலே, அரிசியைவிடச் சிறிய இரண்டு நரம்பணுக் கொத்துகள்தான் அது. நம்மில் பெரும்பாலோருக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடம் அதிகம். அதனால் அது தானாக விட்டால் பின்னால்தான் நழுவும். விடுமுறையில் பிள்ளைகள் தினமும் கொஞ்சம் தாமதமாகப் படுத்துத் தாமதமாக எழுவது அதனால்தான். அதை முன்னால் தள்ள வேண்டுமென்றால் வெளிச்சம் வேண்டும், அதுவும் சரியான நேரத்தில் வேண்டும்.

நான் கோட்டைவிட்டது இந்த ‘சரியான நேரம்’ என்பதில்தான். ஒருவர் வழக்கமாக எழுகிற நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் உடம்பின் வெப்பம் நாளிலேயே மிகக் குறைவாக இருக்கும். அந்தப் புள்ளிக்குப் பிறகு கண்ணில் படுகிற வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் தள்ளும். அதற்கு முன்பு படுகிற வெளிச்சம் பின்னால் தள்ளும். ஆறே முக்காலுக்கு எழுகிற பெண்ணுக்கு அந்தப் புள்ளி ஏறத்தாழ நாலு, நாலரை. நான் அவளை நாலு மணிக்கு எழுப்பி டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார வைத்தேன். அந்த வெளிச்சம் சிறந்த பட்சம் ஒன்றும் செய்திருக்காது. மோசமான பட்சம், நாங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்ப் பக்கம் கடிகாரத்தைத் தள்ளியிருக்கும்.

ராத்திரிப் பக்கமும் அப்படித்தான். தூக்கம் வருவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம், நாள் முழுக்கச் சேர்ந்த அசதியை எதிர்த்து உடம்பு தன்னை விழிப்பாக வைத்துக்கொள்ளும். பதினொன்றரைக்குத் தூங்கிப் பழகிய பெண்ணுக்கு எட்டரையிலிருந்து பத்தரை வரை நாளிலேயே தூக்கம் வரச் சிரமமான நேரம். அந்த நேரத்தில்தான் அவளைப் படுக்கவைத்து, ஏன் தூங்கவில்லை என்று கேட்டோம். எட்டரைக்குப் படுத்தும் பதினொரு மணிக்குத்தான் தூக்கம், எழுப்புவது நாலு மணிக்கு. நாளுக்கு அஞ்சு மணி நேரம் தூங்கிய பெண் அஞ்சு நாள் தாங்கினாளே, அதுதான் மன உறுதி.

இனி ராத்திரிக் கட்சிக்கு வருகிறேன். அவர்கள் சொல்வதில் நியாயம் நிறைய உண்டு. பதினேழு வயதில் இந்தக் கடிகாரம் குழந்தைப் பருவத்தைவிடவும் நடுவயதைவிடவும் தாமதமாக ஓடும். ராத்திரி பத்து மணிக்கு அவர்கள் சுறுசுறுப்பாக இருப்பது நடிப்பில்லை. பத்தரைக்கு மேல் டிவி அணைந்து, வாசலில் பேச்சு அடங்கி, வீடு ஓய்ந்தால் கிடைக்கிற அமைதி கூட்டுக்குடும்பத்தில் வேறெந்த நேரத்திலும் கிடைக்காது. எதையும் மாற்ற வேண்டியதில்லை, மூன்று வாரம் பழக வேண்டியதில்லை.

சிக்கல் காலையில்தான். பள்ளிச் சிறப்பு வகுப்பு எட்டே காலுக்கு. பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் ஆறரைக்காவது எழுந்தாக வேண்டும். ஒரு மணிக்குப் படுத்தால் அஞ்சரை மணி நேரம். இந்த வயதுக்கு மருத்துவர்கள் சொல்வது எட்டிலிருந்து பத்து மணி நேரம். அப்படிக் குறைகிறபோது வெட்டுப்படுவது தூக்கத்தின் கடைசிப் பகுதி. ஆழ்ந்த தூக்கம் ராத்திரியின் முதல் பாதியில் அதிகம், கனவு வருகிற தூக்கம் விடியலை ஒட்டிய மணிகளில் அதிகம். படித்தது மனதில் தங்குவதற்கு இரண்டும் வேண்டும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் படித்த இரண்டு மணி நேரத்தை, மறுநாள் வகுப்பில் பாதிக் கண்ணோடு உட்கார்ந்து திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பத்து மணித் தேர்வுக்கு ராத்திரிப் பிள்ளைகள் தயாராக இருக்க மாட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை நான் முழுசாக ஏற்கவில்லை. தினமும் ஒரே மாதிரி பதினொன்றுக்குப் படுத்து ஆறே முக்காலுக்கு எழுகிற பிள்ளை பத்து மணிக்கு நன்றாகத்தான் எழுதும். உண்மையான ஆபத்து பிப்ரவரிக் கடைசியில் வருகிற படிப்பு விடுமுறை. பள்ளி இல்லை, எழுப்ப ஆளில்லை, ஒரு மணி இரண்டாகும், எழுவது ஒன்பதாகும். அப்படி எட்டு நாள் போன பிள்ளைக்குத் தேர்வு மண்டபத்தில் மணி பத்து அடிக்கும்போது, உடம்புக்கு அது பழைய எட்டு மணிக்குச் சமம். என் வகுப்பிலேயே வருடத்துக்கு இரண்டு பேராவது முதல் தாளை அப்படி எழுதிவிட்டு வருவார்கள்.

ஆகவே விடியற்காலையால் படிப்பு நேரம் ஒன்றும் கூடுவதில்லை. ராத்திரி ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை இருந்ததை எடுத்துக் காலை அஞ்சிலிருந்து ஏழு வரை வைக்கிறோம், அவ்வளவுதான். லாபம் வேறு இடத்தில். ராத்திரிப் படிப்புக்கு எல்லைக்கோடு கிடையாது, இன்னும் ஒரு பாடம், இன்னும் அரை மணி என்று அது தூக்கத்தைத் தின்னும். காலைப் படிப்பை ஏழு மணிக்கு இட்லியும் பஸ்ஸும் வந்து நிறுத்திவிடும். அது எதையும் தின்னாது, ஒன்றே ஒன்றைத் தவிர: முந்தின நாள் சாயங்காலத்தை. அதைக் கொடுக்க வீடு தயாராக இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் மூன்றாவது வழியா நாலாவது வழியா என்று முடிவு செய்ய வேண்டும்.

அக்கா வீட்டில் நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். நாலு மணி என்ற ஆசையை விட்டுவிட்டோம். நாலுக்கு எழ வேண்டுமென்றால் எட்டு, எட்டே காலுக்குத் தூங்க வேண்டும். இந்த ஊரில் எட்டு மணிக்கு இட்லிச் சட்டியே அடுப்பிலிருந்து இறங்கியிருக்காது. இலக்கு: காலை அஞ்சு மணி, ராத்திரி ஒன்பதே கால்.

ஆறே முக்காலிலிருந்து அஞ்சு வரை ஒன்றே முக்கால் மணி நேரம். மூன்று நாளுக்கு ஒரு தடவை கால் மணி. ஏழு படி, இருபத்தோரு நாள். முதல் மூன்று நாள் ஆறரை, அடுத்த மூன்று நாள் ஆறே கால், இப்படியே. தினமும் கால் மணி நகர்த்தலாமே என்று அத்தான் கேட்டார். நல்ல வெயிலும், தடையில்லாத சாயங்காலமும் கிடைத்தால் உடம்பு அதற்கு மேலேயே நகரும். பள்ளி, பஸ், டியூஷன் என்று ஓடுகிற பிள்ளைக்கு ஒரு நாள் தவறினாலும் மொத்தமும் சரியும். மூன்று நாள் என்பது தவறுக்கும் இடம் வைத்த கணக்கு.

எழுகிற நேரத்தை முதலில் நகர்த்தினோம், படுக்கிற நேரம் அதன் பின்னால் வந்தது. இதைத் தலைகீழாகத்தான் எல்லாரும் செய்கிறார்கள். தூக்கம் வராத பிள்ளையைத் தூங்க வைக்க யாராலும் முடியாது, தூங்குகிற பிள்ளையை எழுப்ப முடியும். கால் மணி முன்னால் எழுந்தால் அன்றைக்கே அசதி கால் மணி முன்னால் கூடும், ஓரிரு ராத்திரியில் தூக்கமும் முன்னால் வரும். படுக்கச் சொல்லி யாரும் அவளிடம் கத்தவில்லை. கண் சொருகினால் படு, ஆனால் எழுவது மட்டும் குறித்த நேரம் என்பதுதான் ஏற்பாடு.

வெளிச்ச விஷயத்தில் நம் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பிப்ரவரித் தொடக்கத்தில் தஞ்சை, மன்னார்குடிப் பக்கம் சூரியன் எழுவது ஆறரைக்கு ஓர் ஐந்து நிமிடம் தாண்டி. மார்ச் முதல் தேதிக்கும் ஏறத்தாழ ஆறரைதான். அதாவது நாம் முன்னால் போகப் போக விடியல் கூடவே வருவதில்லை. அஞ்சு மணி என்பது அசல் இருட்டு. வீட்டு டியூப்லைட் வாசலில் கிடைக்கிற காலை வெளிச்சத்துக்குப் பக்கத்திலேயே நிற்காது. அதனால் இப்படி வைத்துக்கொண்டோம்: எழுந்ததும் அறையில் இருக்கிற எல்லா விளக்கும். பிறகு பொழுது புலர்ந்ததும் புத்தகத்தோடு வெளியே. அவள் கொல்லைத் திண்ணையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்து இருபது நிமிடம் படிப்பாள், இல்லாவிட்டால் ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருவாள். பனி பெய்தாலும் மேகம் இருந்தாலும் வெளியேதான். அந்த இருபது நிமிடத்தை விட்ட நாட்களில் ராத்திரித் தூக்கம் தாமதமானது. எனக்கே இது இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று தோன்றவில்லை.

எழுந்த உடனே கணக்குப் போடச் சொல்லவில்லை. தூக்கத்திலிருந்து மூளை முழுசாக வெளியே வரக் கால் மணியிலிருந்து அரை மணி ஆகும். அந்த நேரத்தில் புதுப் பாடம் எடுத்தால் ஒரே வரியை நாலு தடவை படிப்போம். அவள் முதல் இருபது நிமிடம் கையால் எழுதுவாள்: நெஃப்ரான் படம், வேதியியல் சமன்பாடுகள், முந்தின நாள் படித்ததில் நினைவில் இருக்கிற தலைப்புகள். கை ஓட ஓடக் கண் திறக்கும். அஞ்சரைக்கு மேல் இயற்பியல் கணக்கு.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. காலையை ஒரு அலாரம் பார்த்துக்கொள்ளும். சாயங்காலத்தை யாராவது காவல் காக்க வேண்டும்.

முதல் சண்டை டியூஷன். வாரத்தில் மூன்று நாள் மன்னார்குடியில் கணக்கு டியூஷன், ஆறே காலிலிருந்து எட்டே கால் வரை. பஸ் கிடைத்து வீடு வரும்போது ஒன்பது. சாப்பிட்டு, குளித்து, அடங்கப் பத்தே கால். இதை வைத்துக்கொண்டு அஞ்சு மணி என்பது வெறும் பேச்சு. அந்த ஆசிரியரிடம் காலை பேட்ச் இல்லை. சனி, ஞாயிறு பேட்ச் இருந்தது, கூட்டம் அதிகம். யோசித்து அதற்கு மாற்றினோம். அது கிடைக்காமல் போயிருந்தால் நான் நாலாவது வழியைத்தான் சொல்லியிருப்பேன்: பத்தே காலுக்குப் படு, ஆறு மணிக்கு எழு, டியூஷன் இல்லாத நாளிலும் அதே நேரம். நாலு நாள் அஞ்சு மணி, மூன்று நாள் ஆறு மணி என்று மாறி மாறி எழுவது வாரா வாரம் வெளிநாடு போய்வருகிற மாதிரி. அதற்கு ஒரே நிதானமாக ஆறு மணியே மேல்.

இரண்டாவது, சாயங்காலத் தூக்கம். சிறப்பு வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அப்படியே சாய்வாள். முக்கால் மணி தூங்குவாள். எழுந்தால் ராத்திரி பதினொன்று வரை கண் கொட்டாது. பகல் முழுக்கச் சேர்த்த அசதியில் பெரும் பங்கை அந்த முக்கால் மணி செலவழித்துவிடும். இதற்கு நான் உடலியங்கியல் விளக்கமெல்லாம் வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. “விளக்கு வைக்கிற நேரத்துல படுக்காதடி” என்று அத்தானின் அம்மா ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு வரி போதுமாக இருந்தது. அவர் சொல்கிற காரணம் வேறு, விளைவு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியம் ஒன்றரைக்கு இருபது நிமிடம் அனுமதி. மூன்று மணிக்கு மேல் கிடையாது.

மூன்றாவது காபி. நம் பக்கத்தில் ஆறு மணிக் காபியை நிறுத்துவது குடும்ப உறவையே பாதிக்கிற விஷயம். ஆனால் குடித்த காபியில் உள்ள கஃபீனில் பாதி அஞ்சு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆறு மணி டம்ளரில் பாதி, ராத்திரி பதினொன்றுக்கும் உள்ளேதான். காலைக் காபியைத் தொடவில்லை. சாயங்காலம் பால், இல்லையென்றால் சுக்கு, மல்லி போட்ட கருப்பட்டித் தண்ணீர். முதல் மூன்று நாள் தலை வலித்தது என்றாள். நாலாம் நாள் அதைப் பற்றிப் பேச்சில்லை.

கடைசியாக டிவியும் போனும். அத்தானின் அம்மாவுக்கு ஒன்பது மணி சீரியல் முக்கியம். கூடத்துக்கும் இவள் அறைக்கும் நடுவே ஒரு கதவு, அது சரியாக மூடாது. அத்தான் தச்சரை வரவழைத்துக் கதவின் அடியைச் சீவ வைத்தார். எனக்குத் தெரிந்து அந்த ஆறு வாரத்தில் செய்த ஒரே செலவு அது. சத்தத்தைக் குறைக்க அத்தையிடம் நான் பேசினேன். “எனக்கு மட்டும் பரீட்சையாப்பா?” என்றார், ஆனால் குறைத்தார். போன் எட்டே முக்காலுக்குக் கூடத்து அலமாரிக்குப் போய்விடும். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பது பிள்ளைகள் எல்லாரும் சொல்கிற சாக்கு. பழைய டைம்பீஸ் ஒன்றை எடுத்து, கை எட்டாத தூரத்தில், பீரோ மேல் வைத்தோம்.

எட்டே முக்காலிலிருந்து விளக்கைக் குறைத்துவிட்டு ஒரு சிறிய மேசை விளக்கு மட்டும். அந்த அரை மணியில் புதிதாக எதையும் படிக்கக் கூடாது. காலையில் எடுக்க வேண்டிய புத்தகம், பக்கம், கணக்கு எண் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் திறந்து வைப்பாள். அஞ்சு மணிக்கு எழுந்து எதைப் படிக்கலாம் என்று யோசிப்பவள் பத்தே நிமிடத்தில் மறுபடி போர்வைக்குள் போய்விடுவாள்.

படி நகர்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் அவளையே மூன்று எண் எழுதச் சொன்னேன்: படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றுகிற நேரம், எழுந்த நேரம். அதோடு ஒரு வரி, பகலில் எங்காவது கண் சொருகியதா என்று. படுத்துப் பத்து, இருபது நிமிடத்தில் தூக்கம் வந்து, அலாரத்துக்கு ஓரிரு நிமிடம் முன்னால் தானாக விழித்தால் படி முடிந்தது, அடுத்ததுக்குப் போகலாம். அரை மணிக்கு மேல் புரண்டால் கடிகாரம் இன்னும் வரவில்லை, இன்னும் இரண்டு நாள் அங்கேயே நிற்க வேண்டும். தலையணையில் தலை பட்டதும் தூங்கிவிட்டால் வீட்டில் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். அது நல்ல அறிகுறி இல்லை. தூக்கக் கடன் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை இடிப்பதும், மூன்றாவது பீரியடில் பேனா கோணல் கோடு போடுவதும் அதே அறிகுறிதான்.

அவள் தாள்களை நான் ஒரு ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருக்கிறேன். முதல் மூன்று படிகள் சுத்தம். பத்தாம் நாள் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம், தை மாத முகூர்த்தம், தவிர்க்க முடியாது. முந்தின ராத்திரி வரவேற்பு முடிந்து படுக்கும்போது பன்னிரண்டரை. மறுநாள் ஞாயிறு, முகூர்த்தம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று வரை தூக்கம். அன்று ராத்திரி பதினொன்றே முக்கால் வரை விழிப்பு. திங்கட்கிழமைத் தாளில் “எழுந்தது 7.10, அம்மா திட்டு” என்று எழுதியிருக்கிறாள். அடுத்த நாளே பழைய படியான ஆறு மணிக்குத் திரும்பலாம் என்றாள். நான் ஒரு படி பின்னால் போகச் சொன்னேன். ஆறே காலில் மூன்று நாள், பிறகு மறுபடி ஏறினோம். கல்யாணத்துக்குப் போனதில் தப்பில்லை. மதியம் மூன்று மணி நேரம் தூங்கவிட்டதுதான் தப்பு. அரை மணியில் எழுப்பியிருந்தால் ஒரே நாளில் சரியாகியிருக்கும்.

அடுத்து சம்பா அறுவடை. பின்வயலில் அறுவடை மெஷின் இரண்டு ராத்திரி பதினொரு மணி வரை ஓடியது. வயல் ஈரம் காயும் முன் அவர்களுக்கும் அவசரம், மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை, யாரிடம் போய்ச் சொல்ல? சாலைப் பக்க அறைக்கு அவளை மாற்றி, மேசை மின்விசிறியைச் சத்தமாக வைத்தோம். பஸ் சத்தம் பரவாயில்லை, வந்து போய்விடும். மெஷின் வெளிச்சம் ஜன்னலில் ஊசலாடுவதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த இரண்டு நாளும் எழுகிற நேரத்தை மாற்றவில்லை, படியும் ஏறவில்லை.

மொத்தத்தில் இருபத்தோரு நாள் என்று போட்ட கணக்கு முப்பது நாளானது. செய்முறைத் தேர்வு முடிந்த வாரத்தில் அஞ்சு மணியைத் தொட்டாள். அதற்குப் பிறகு முதல் தாள் வரை ஏறத்தாழ பத்து நாள் இருந்தது. இந்தப் பத்து நாளை நான் கட்டாயம் என்பேன். பிப்ரவரி இருபதுக்கு மேல் நகர்த்தலைத் தொடங்க நினைக்கிறவர்கள் தொடங்காமலே இருக்கலாம். தேர்வு ஓடிக்கொண்டிருக்கும்போது பாதி நகர்ந்த கடிகாரத்தோடு திண்டாடுவதைவிட, பதினொன்றுக்குப் படுத்து ஆறரைக்கு எழுவதை ஒழுங்காகச் செய்வது மேல்.

எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். எதிர் வீட்டுப் பையனும் இவள் கூடவே தொடங்கினான். ஆறு மணி வரை வந்தான், அதற்கு மேல் நகரவில்லை. பதினைந்து நாள் ஆறு மணியிலேயே நின்று பார்த்தும், அஞ்சே முக்காலுக்கு எழுந்த நாளெல்லாம் பகலில் எரிந்து விழுந்தான். அவன் அம்மா சோம்பேறித்தனம் என்றார். அவன் தாளைப் பார்த்தேன், பத்தரைக்கு முன்னால் ஒரு நாளும் தூக்கம் வரவில்லை. வெளிச்சம், காபி, போன் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவன் உடம்பு அவ்வளவுதான் வரும். ஆறு மணியிலேயே விட்டுவிடுங்கள் என்றேன். வீட்டுச் சத்தத்துக்கு, சாயங்காலம் பள்ளியிலேயே ஏழு மணி வரை உட்கார்ந்து படித்துவிட்டு வர ஏற்பாடு செய்தார்கள். குறட்டை பலமாக விடுகிற பிள்ளை, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலெல்லாம் அசந்து போகிற பிள்ளை என்றால் அது வேறு விஷயம். நேரத்தை நகர்த்தாமல் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தேர்வு நாட்களில் அவள் அஞ்சுக்கு எழுந்து, ஆறரை வரை திருப்பிப் பார்த்து, எட்டரைக்குப் புறப்படுவாள். தாளுக்கு முந்தின ராத்திரியும் ஒன்பதே கால்தான். கணக்குத் தாளுக்கு முன்னால் மட்டும் பயத்தில் பதினொன்று வரை தூக்கம் வரவில்லை. “மாமா, போச்சு” என்று அக்கா போனிலிருந்து பேசினாள். ஒரு ராத்திரி குறைந்தால் ஒன்றும் ஆகாது, முந்தின பத்து ராத்திரி கையிருப்பு இருக்கிறது, எழுகிற நேரத்தை மட்டும் மாற்றாதே என்றேன். அஞ்சுக்கே எழுந்தாள்.

கடைசித் தாள் முடிந்த பத்தாம் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். மணி எட்டே முக்கால், இன்னும் போர்வைக்குள் இருந்தாள். முப்பது நாள் தள்ளிக்கொண்டு போனது பத்து நாளில் தானாகத் திரும்பி வந்துவிட்டது. அக்கா என்னை முறைத்தாள். மே மாதம் நீட் இருக்கிறதே, மறுபடி அஞ்சு மணியா என்று கேட்டாள். நீட் தொடங்குவது பிற்பகல் இரண்டு மணிக்கு. அதற்கு அஞ்சு மணி தேவையே இல்லை. எட்டு மணி நேரம் தூங்கி ஏழு மணிக்கு எழுந்தால் போதும். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற மந்தத்தில் மூன்று மணி நேரம் முழிப்பாக உட்காரப் பழக வேண்டும். அதனால் மதியத் தூக்கத்தை நிறுத்திவிட்டு, தினமும் இரண்டு மணிக்கு ஒரு மாதிரித் தேர்வு எழுதட்டும் என்றேன். “அப்ப மத்தியானம் யாரு காவல்?” என்றாள் அக்கா. கூடத்து ஊஞ்சலில் அத்தானின் அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.